உடல் பருமனும் தள்ளிப்போகும் மாதவிடாயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணத்துக்கு முன்பு மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அதன்பின் இருபது கிலோவுக்கு மேல் எடை கூடிவிட்டது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாதவிடாய் வருகிறது. எடைக்கும் இதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் எடையின் மேல் பழியைப் போடுவதற்கு முன், மாதவிடாய் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். "எனக்கு எப்போதும் இப்படித்தான்" என்று இருந்துவிட்டு, நான்காவது மாதத்தில் கர்ப்பம் என்று தெரிந்துகொள்ளும் பெண்கள் அரிதானவர்கள் அல்லர்.

அது இல்லை என்று உறுதியானால், பெரும்பாலும் காரணம் சினைப்பையிலிருந்து முட்டை வெளியாவதில் ஏற்படும் தாமதம், அல்லது முட்டை வெளியாகாமலே போவது. மாதவிடாய் என்பது முட்டை வெளியானதன் பின்விளைவு. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனால் சினைப்பையில் ஃபாலிக்கிள் எனப்படும் சிறு நீர்ப்பைகள் வளரத் தொடங்குகின்றன. அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றை முந்தி, ஏறக்குறைய 18 முதல் 20 மில்லிமீட்டர் வரை வளர்ந்து, ஈஸ்ட்ரோஜனை மிகுதியாகச் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் போதிய அளவை எட்டியதும் எல்.எச். ஹார்மோன் திடீரென உயர்ந்து, முட்டை வெளியாகிறது. முட்டையை விட்ட ஃபாலிக்கிள் அதன்பின் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்கும். கரு தங்காவிட்டால் சுமார் இரண்டு வாரத்தில் அந்தச் சுரப்பு அடங்கிவிட, கருப்பையின் உட்சுவர் உதிர்ந்து ரத்தப்போக்காக வெளிவருகிறது.

இதில் முட்டை வெளியானபின் வரும் பின்பாதியின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. பெரும்பாலான பெண்களுக்கு அது 12 முதல் 14 நாள்தான். நீள்வது முன்பாதி. 45 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு முட்டை வெளியாகியிருந்தால், அது 31-ஆம் நாளை ஒட்டி வெளியாகியிருக்கும். ஆகவே "மாதவிடாய் தாமதம்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் முட்டை வளர்வதில் ஏற்பட்ட தாமதமே.

தொப்பையில் சேரும் கொழுப்புக்கும் சினைப்பைக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் வேறு வேறு இடத்தில்தானே இருக்கின்றன?

இடையில் நின்று வேலை செய்வது முக்கியமாக இன்சுலின். வயிற்றுப் பகுதியிலும் உள்ளுறுப்புகளைச் சுற்றியும் கொழுப்பு அதிகமாகச் சேரும்போது, தசையும் கல்லீரலும் இன்சுலினுக்கு முன்போல இணங்குவதில்லை. ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க, கணையம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. சர்க்கரை அளவு சரியாக இருப்பதால் பெண்ணுக்கு எதுவும் தெரியாது; ஆனால் ரத்தத்தில் இன்சுலின் பல ஆண்டுகள் உயர்ந்தே இருக்கும். பின்கழுத்திலும் அக்குளிலும் தேய்த்தாலும் போகாத, வெல்வெட் துணி போன்ற தடித்த கருமை படிவது இதன் வெளி அடையாளம். அதை அழுக்கு என்று நினைத்துச் சோப்பும் பயற்றமாவும் போட்டுத் தேய்ப்பதில் பயனில்லை.

தசை இன்சுலினுக்கு இணங்க மறுத்தாலும், சினைப்பை அப்படி மறுப்பதில்லை என்பதுதான் சிக்கல். உயர்ந்த இன்சுலின், எல்.எச். ஹார்மோனுடன் சேர்ந்து, சினைப்பையின் செல்களை ஆண்ட்ரோஜன்களை, அதாவது டெஸ்டோஸ்டிரோன் வகை ஹார்மோன்களை, மிகுதியாகச் சுரக்கத் தூண்டுகிறது. அதே இன்சுலின் கல்லீரலில், டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது. உற்பத்தி கூடுகிறது, பிடித்துவைப்பது குறைகிறது. இரண்டும் சேர்ந்து, கட்டில்லாத டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் ஏறுகிறது. அந்தச் சூழலில் பல ஃபாலிக்கிள்கள் வளரத் தொடங்கினாலும், ஒன்றும் மற்றவற்றை முந்தி முதிர்வதில்லை. பத்து மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகின்றன. ஸ்கேன் அறிக்கையில் "நீர்க்கட்டிகள்" என்று படித்துப் பலர் அஞ்சுவது இவற்றைத்தான். இவை கட்டிகள் அல்ல, வளர்ச்சி பாதியில் நின்ற ஃபாலிக்கிள்கள். அறுத்து எடுக்க வேண்டியவையும் அல்ல.

இதற்குமேல், கொழுப்புத் திசு வெறும் சேமிப்பு இடம் அன்று. அதில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் சுழற்சியோடு ஏறி இறங்கும். கொழுப்பிலிருந்து வருவதோ நாள்தோறும் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். அதன் இடைவிடாத இருப்பு, மூளையிலிருந்து எஃப்.எஸ்.எச்., எல்.எச். வரும் ஒழுங்கைக் குலைக்க இடமுண்டு. பருமனான பெண்களில் எல்.எச். துடிப்புகள் வலுக்குறைந்திருப்பதும், முட்டை வெளியானாலும்கூடப் பின்பாதியில் புரோஜெஸ்டிரோன் குறைவாகச் சுரப்பதும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன.

பருமனான எல்லோருக்கும் இது நேர்வதில்லை. 90 கிலோ எடையிலும் 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் மாதவிடாய் வரும் பெண்கள் நிறையவே உண்டு. கொழுப்பு எவ்வளவு என்பதோடு, எங்கே சேர்கிறது என்பதும், பரம்பரையாக வரும் போக்கும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன. இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்வதால், இங்கு உயரத்தையும் எடையையும் ஒப்பிடும் பி.எம்.ஐ. எண் 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் பருமன் என்று கொள்கிறார்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை.

இரண்டு மாதம் வராமல் இருந்து, பிறகு பதினைந்து நாள் விடாமல் போகிறது. ரத்தப்போக்கு வந்துவிட்டால் முட்டையும் வெளியாகிவிட்டது என்றுதானே பொருள்?

அப்படிக் கொள்ள முடியாது. முட்டை வெளியாகாத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து கிடைப்பதால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் தன் தடிமனைத் தாங்க முடியாமல் அது அங்கங்கே உதிரத் தொடங்குகிறது. முழுவதும் ஒருசேர உதிராததால், துணி நனையாத அளவுக்குச் சில நாள், கட்டி கட்டியாகச் சில நாள் என்று போக்கு நீண்டுகொண்டே போகிறது. எப்போது வரும் என்பதும் தெரியாது, எப்போது நிற்கும் என்பதும் தெரியாது. முட்டை வெளியாகும் சுழற்சியில் வழக்கமாக வரும் மார்பக வலியோ, முதல் நாள் அடிவயிற்று வலியோ இதில் பெரும்பாலும் இருக்காது. இந்த வேறுபாட்டைக் கவனித்துச் சொல்லும் பெண்கள் மருத்துவருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்துகிறார்கள்.

குழந்தை வேண்டாம் என்று இருப்பவர்களும் இதைப் பொருட்படுத்தியாக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் மட்டும் ஆண்டுக்கணக்கில் தூண்டிக்கொண்டிருந்தால், உட்சுவர் செல்கள் அளவுமீறிப் பெருகி, சிலருக்குக் கருப்பைப் புற்றுநோய் வரை போகும். எனவே 90 நாளுக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால், கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, சில நாள்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை கொடுத்து உட்சுவரை உதிரச் செய்கிறார்கள். மாத்திரையை நிறுத்திய சில நாள்களில் வரும் அந்தப் போக்கு உட்சுவரைக் காப்பதற்கானது. அதனால் முட்டை வெளியாகத் தொடங்கிவிட்டது என்று ஆகாது. "மாத்திரை போட்டால் வருகிறது, ஆகவே சரியாகிவிட்டது" என்ற எண்ணத்திலேயே ஆண்டுகள் கழிவதைப் பார்க்கிறோம்.

21-ஆம் நாள் ரத்தப் பரிசோதனையில் முட்டை வெளியாகவில்லை என்று வந்தது. நம்பலாமா?

உங்கள் சுழற்சி 28 நாள் என்றால் நம்பலாம். அந்தப் பரிசோதனை பார்ப்பது புரோஜெஸ்டிரோனை. அதை எடுக்க வேண்டியது அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய ஏழு நாள் முன்பு. 28 நாள் சுழற்சியில் அது 21-ஆம் நாளில் விழுகிறது, அவ்வளவுதான். 42 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு 21-ஆம் நாளில் முட்டை வெளியாகியே இருக்காது. அவளுக்கு உரிய நாள் 35. தவறான நாளில் எடுத்த ரத்தத்தை வைத்து "முட்டை வெளியாகவில்லை" என்று முடிவுகட்டுவது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கிறது. அடுத்த மாதவிடாய் எப்போது வரும் என்று கணிக்கவே முடியாதவர்களுக்கு, வாரம் ஒருமுறையாக இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்ப்பது பொருத்தம். மதிப்பு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியாகியிருக்கிறது என்று கொள்வார்கள். ஃபாலிக்குலர் ஸ்டடி எனப்படும் தொடர் ஸ்கேனும் உதவும்.

மருந்துக்கடையில் கிடைக்கும், சிறுநீரில் எல்.எச். பார்க்கும் குச்சிகள் இந்த நிலையில் ஏமாற்றலாம். பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பைக் கோளாறு உள்ள சிலருக்கு எல்.எச். எப்போதுமே சற்று உயர்ந்திருப்பதால், முட்டை வெளியாகாமலே கோடு விழுந்துவிடும்.

அப்படியானால் எனக்கு இருப்பது பி.சி.ஓ.எஸ். தானா?

இருக்கலாம், எடையும் தவறிய மாதவிடாயும் மட்டும் அதை உறுதிசெய்யப் போதா. ஒழுங்கற்ற சுழற்சி, ஆண்ட்ரோஜன் மிகுதி (முகத்தில் முரட்டு முடி, அடங்காத முகப்பரு, அல்லது ரத்தத்தில் உயர்ந்த டெஸ்டோஸ்டிரோன்), ஸ்கேனில் பல சிறு ஃபாலிக்கிள்கள் அல்லது ரத்தத்தில் உயர்ந்த ஏ.எம்.எச். ஹார்மோன் அளவு ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு கோளாறு, உயர்ந்த புரோலாக்டின் போன்ற வேறு காரணங்கள் விலக்கப்பட்டிருக்கவும் வேண்டும். எடையே ஏறாத ஒல்லியான பெண்ணுக்கும் பி.சி.ஓ.எஸ். வரும். ஏற்கெனவே அந்தப் போக்கு உள்ளவருக்கு, மிதமான எடையில் மறைந்திருந்தது எடை கூடியதும் வெளிப்படுவதே நாம் அதிகம் காண்பது.

என் உயரத்துக்கு ஐம்பத்தைந்து கிலோதான் இருக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே போய்ச் சேரும்வரை மாதவிடாய் சீராகாதா?

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளலாம்: பலருக்கு இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே முட்டை மீண்டும் வெளியாகத் தொடங்கிவிடுகிறது. காரணம், உள்ளுறுப்புகளைச் சுற்றியுள்ள கொழுப்பு முதலில் கரைவதும், இன்சுலின் அளவு எடையைவிட வேகமாக இறங்குவதும்.

எண்களை வைத்து ஒரு மாதிரி பார்ப்போம். 27 வயது, 156 சென்டிமீட்டர் உயரம், 84 கிலோ எடை, பி.எம்.ஐ. 34.5. 58 கிலோவில் இருந்தபோது 30 நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த மாதவிடாய், கடந்த ஓராண்டில் 45, 70, 95 நாள் இடைவெளிகளில் வந்திருக்கிறது. இவருக்கு 5 சதவீதம் என்பது 4.2 கிலோ, 10 சதவீதம் என்பது 8.4 கிலோ. 75 கிலோவை ஒட்டி வந்தாலும் பி.எம்.ஐ. 31 ஆகவே இருக்கும். எடை அட்டவணைப்படி இவர் இன்னும் பருமனானவர்தான். ஆனால் இடைவெளி 50, 42, 36 என்று சுருங்கிவரக்கூடிய இடம் இது. மாதத்துக்கு ஒன்றரை கிலோ வீதம் குறைத்தால் ஆறு மாதத்துக்குள் அடைந்துவிடலாம்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், முட்டை வெளியாகாத பருமனான பெண்களிடம் நடத்தி 1995-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாத உணவு, உடற்பயிற்சித் திட்டத்தை முடித்த 13 பேர் சராசரியாக 6.3 கிலோ குறைத்தனர். அவர்களில் 12 பேருக்கு முட்டை மீண்டும் வெளியாகத் தொடங்கியது, 11 பேர் கருத்தரித்தனர். அதே குழு 1998-இல் வெளியிட்ட பெரிய ஆய்விலும், சராசரி 10.2 கிலோ குறைத்த 67 பேரில் 60 பேருக்குத் தானாகவே முட்டை வெளியானது. இந்த எண்கள் மனத்துக்கு இதமானவை என்றாலும், இவை திட்டத்தைக் கடைசிவரை முடித்தவர்களைப் பற்றியவை என்பதையும், பாதியில் நின்றவர்கள் கணக்கில் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

குறைக்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்று கிலோ குறைந்தும் மாதவிடாயில் மாற்றம் தெரியவில்லையே?

இரண்டு மாதம் போதாது. முட்டையை விடப்போகும் ஃபாலிக்கிள் அதற்குச் சில மாதங்கள் முன்பே வளரத் தொடங்கிவிடுவது. இன்று மாறும் ஹார்மோன் சூழல் அதைச் சென்றடையக் காலம் பிடிக்கும். ஒரே மாதத்தில் 30 நாள் சுழற்சிக்குத் திரும்புவதை எதிர்பார்க்காமல், இடைவெளி சுருங்குகிறதா என்று பார்ப்பதே சரி. அதற்கு மாதவிடாய் தொடங்கிய தேதியும் அன்றைய எடையும் நாட்காட்டியில் எழுதப்பட்டிருந்தால் போதும். 5 முதல் 10 சதவீதம் குறைந்து, மேலும் மூன்று மாதம் அந்த எடையில் நின்றும் இடைவெளி 35 நாளுக்குக் கீழே வரவில்லை என்றால், எடையை மட்டும் நம்பிக் காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எடை குறைந்தும் முட்டை வெளியாகாத பெண்கள் இருக்கிறார்கள். அதை அவர்களின் முயற்சிக் குறைவாகக் கருதுவது அநியாயம்.

இதற்கென்று தனி உணவுமுறை இருக்கிறதா? அரிசியை அறவே விட வேண்டுமா?

இந்த உணவுமுறைதான் மற்றவற்றைவிடச் சிறந்தது என்று நிறுவப்படவில்லை, பி.சி.ஓ.எஸ். குறித்த 2023-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதலும் அப்படித்தான் சொல்கிறது. நாளொன்றுக்கு 500 கலோரி அளவில் குறைந்து, அதைப் பல மாதம் தொடர முடிந்தால் போதும். நடைமுறையில், சோற்றின் அளவைப் பாதியாக்கி அந்த இடத்தில் காயையும் பருப்பையும் முட்டையையும் வைப்பதும், மாலை நேர பஜ்ஜி, முறுக்கு, சர்க்கரை போட்ட டீ ஆகியவற்றைக் குறைப்பதும் அந்த 500-இல் பெரும்பகுதியைத் தந்துவிடும். பட்டினி கிடந்து மாதம் ஆறேழு கிலோ குறைப்பது வேறொரு கேட்டைக் கொண்டுவரலாம்: உணவுப் பஞ்சம் என்று உணரும் மூளை, எல்.எச். துடிப்புகளை அடக்கி, எடை குறைந்ததாலேயே மாதவிடாயை நிறுத்திவிடும்.

எனக்கு முப்பத்தாறு வயது. எடையைக் குறைத்துவிட்டு வந்தால்தான் குழந்தைப்பேறு சிகிச்சை என்கிறார்கள். காத்திருக்கலாமா?

இந்த வயதில் காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு. முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் 35-க்குப் பிறகு வேகமாகக் குறைகின்றன. எடை குறைவதால் அவை திரும்பி வருவதில்லை. நெதர்லாந்தில் பருமனான 577 பெண்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினர் முதலில் ஆறு மாதம் எடைகுறைப்புத் திட்டத்தில் இருந்தனர், மறுபிரிவினர் உடனே சிகிச்சையைத் தொடங்கினர். இரண்டு ஆண்டுகளுக்குள் ஆரோக்கியமாக, இயல்பான பிரசவத்தில் ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள் முதல் பிரிவில் 27 சதவீதம், மறுபிரிவில் 35 சதவீதம். எடை குறைத்த பிரிவில் சிகிச்சை இல்லாமல் தானாகவே கருத்தரித்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள் என்பதும் உண்மை.

ஆகவே 26 வயதில் ஆறு மாதம் ஒதுக்கி எடையைக் குறைப்பது பெரும்பாலும் ஆதாயம். 36 வயதில் அதையே நிபந்தனையாக வைப்பது சரியா என்பது கேள்விக்குரியது. லெட்ரோசோல் மாத்திரையால் முட்டையை வெளியாகச் செய்யும் சிகிச்சையை எடைக்குறைப்போடு சேர்த்தே நடத்தலாம். கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றின் அபாயம் எடையோடு கூடுவதால்தான் மருத்துவர் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தையும் உங்கள் வயதையும் ஒன்றாக வைத்துப் பேசும்படி அவரைக் கேளுங்கள்.

எடைகுறைப்பு ஊசியோ அறுவை சிகிச்சையோ செய்துகொண்டால் இன்னும் விரைவாகச் சரியாகுமா? அப்போது உடனே கரு தங்கினால் நல்லதுதானே?

முட்டை வெளியாவதைப் பொறுத்தவரை அறுவை சிகிச்சையின் பலன் தெளிவானது. பி.சி.ஓ.எஸ். உள்ள, பி.எம்.ஐ. 35-க்கு மேற்பட்ட 80 பெண்களிடம் பிரிட்டனில் நடத்தி 2024-இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கு இடைநிலை அளவாக 6 முறையும், மருந்தும் ஆலோசனையும் மட்டும் பெற்றவர்களுக்கு 2 முறையும் முட்டை வெளியானது.

ஆனால் உடனே கரு தங்குவது நல்லதன்று. அறுவைக்குப் பின் எடை வேகமாக இறங்கும் காலத்தில் இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம் முதலியவை குறைந்திருக்கும் என்பதால், குறைந்தது ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். செமாக்ளூடைடு ஊசியைக் கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்சபடைடு ஊசியோ வாய்வழிக் கருத்தடை மாத்திரை உடலில் சேர்வதையே குறைக்கக்கூடியது. ஆகவே அதைத் தொடங்கியபின் நான்கு வாரமும், மருந்தளவைக் கூட்டும் ஒவ்வொரு முறை நான்கு வாரமும் ஆணுறை போன்ற தடுப்பு முறையும் சேர வேண்டும்.

இதைப் பலர் தவறவிடுவதற்குக் காரணம், ஆண்டுக்கணக்கில் மாதவிடாய் ஒழுங்காக வராததால் "எனக்கு எப்படியும் தங்காது" என்று பழகிப்போவது. மீண்டும் வெளியாகும் முதல் முட்டை, மீண்டும் வரும் முதல் மாதவிடாய்க்கு இரண்டு வாரம் முன்பே வெளியாகிவிடும். அந்த முட்டையே கருவானால், எதிர்பார்த்திருந்த மாதவிடாய் வரவே வராது. குழந்தை இப்போது வேண்டாம் என்றால், கருத்தடை எடை குறையத் தொடங்கும்போதே தொடங்க வேண்டும், மாதவிடாய் சீரான பிறகு அன்று.